கண் மஞ்சள் தெளிந்தால் மட்டும் போதாது

(அக்குறணையில் தோட்டத் தொழிலாளர்களுக்கும் குடும்பத்தினருக்கும் நடத்தப்பட்ட சுகாதார வகுப்பில் எமது சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கடந்த வகுப்பின் முடிவில் உங்களில் பலர் வீட்டில் வைத்திருந்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவந்து காட்டினீர்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இதில் என்ன எழுதியிருக்கிறது?" ஆகவே இன்று ஈரல் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பற்றியும், மஞ்சள் காமாலைகளில் ஒன்றான ஹெப்படைட்டிஸ் பி நோயைப் பற்றியும், அந்த நோயாளியை எப்படிப் பராமரிப்பது என்பதைப் பற்றியும் பேசுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மஞ்சள் காமாலை, செங்கமாரி என்று நாம் சொல்வது ஒரு நோயின் பெயர் அல்ல. அது ஓர் அடையாளம். காய்ச்சல் எப்படிப் பல நோய்களில் வருமோ, அப்படித்தான் கண் மஞ்சளாவதும். பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகர வீதியில் வெள்ளம் ஏறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அழுக்குத் தண்ணீர் குடிநீரில் கலந்தால் வருவது ஹெப்படைட்டிஸ் ஏ. 2007ஆம் ஆண்டு கம்பளையில் பரவியது அதுதான். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில், வயலில், கானில் வேலை செய்தால் வருவது எலிக்காய்ச்சல். 2008ஆம் ஆண்டு கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களில் அது பெருமளவில் பரவியது. ஹெப்படைட்டிஸ் பி தண்ணீரில் வருவதில்லை. அது இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றுகிறது. மூன்றிலும் கண் ஒரேமாதிரித்தான் மஞ்சளாகும். கண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் ரிப்போர்ட்.

ரிப்போர்ட்டில் ஏழெட்டு வரிகள் இருந்தாலும் அவை சொல்வது மூன்றே விஷயங்கள். ஈரல் எவ்வளவு அடிபட்டிருக்கிறது? பித்தம் சரியாக வெளியேறுகிறதா? ஈரல் தன் வேலையைச் செய்கிறதா?

முதல் கேள்விக்கு விடை ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற இரண்டு எண்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்று இருக்கும். இவை ஈரலின் கலங்களுக்கு உள்ளே இருக்க வேண்டிய நொதியங்கள். கலம் கிழிந்தால் இரத்தத்தில் கொட்டுகின்றன. தொழிற்சாலையில் தேயிலைச் சாக்கு கிழிந்தால் தரையில் தூள் கொட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் தூளைப் பார்த்து எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆனால் சாக்குக்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது சொல்லாது. இந்த உவமையை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும். சாதாரணமாக ஏ.எல்.டி. 40க்குக் கீழே இருக்கும். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லை சற்று மாறும். அந்த எல்லை ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு விடை பிலிருபின். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் கழிவு இது. ஈரல் அதை எடுத்துப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்ப வேண்டும். ஈரல் வீங்கி அடைத்துக்கொண்டால் அது இரத்தத்துக்குத் திரும்பிக் கண்ணிலும் தோலிலும் படிகிறது. சிறுநீரிலும் இறங்குவதால் அது கடும் தேயிலைச் சாயம் போல் ஆகிறது. சாதாரண அளவு ஏறக்குறைய 1.2 மில்லிகிராம் வரை. 2.5, 3 ஆகும்போதுதான் கண்ணில் மஞ்சள் தெளிவாகத் தெரியும்.

இங்கே பலர் வீணாகப் பயந்துபோகிற ஓர் இடம் இருக்கிறது. சில ஆய்வுகூடங்கள் பிலிருபினை மில்லிகிராமில் எழுதும். சில மைக்ரோமோலில் எழுதும். ஒரு மில்லிகிராம் என்பது சுமார் 17 மைக்ரோமோல். தனியார் ஆய்வுகூட ரிப்போர்ட்டில் 6.8 என்று பார்த்தவர், அடுத்த நாள் வைத்தியசாலை ரிப்போர்ட்டில் 116 என்று பார்த்தால் நெஞ்சு பதறும். உண்மையில் இரண்டும் ஒரே அளவு. எண்ணைப் பார்க்குமுன் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள்.

மூன்றாவது கேள்விக்கு விடை அல்புமின், ஐ.என்.ஆர். என்ற இரண்டும். இரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்வது ஈரல்தான். ஈரல் வேலையை நிறுத்தினால் இரத்தம் உறையத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஐ.என்.ஆர். காட்டும். நல்ல உடம்பில் அது 1க்கு அருகில் இருக்கும். அல்புமின் மெதுவாகவே குறையும். அதனால் திடீரென வந்த நோயில் ஐ.என்.ஆர். தான் முக்கியம். பலர் ஏ.எல்.டி.யை மட்டும் பார்த்துவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இப்போது பாடத்துக்காக ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 36. தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரமாக உடல் அசதி, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே பாரம், சிகரெட் வாசமே பிடிக்கவில்லை. பிறகு சிறுநீர் கறுத்தது, கண் மஞ்சளானது. தோட்ட டிஸ்பென்சரியில் காட்டினார். வைத்திய உதவியாளர் வைத்தியசாலைக்கு அனுப்பினார். முதல் ரிப்போர்ட்டில் ஏ.எல்.டி. 1640, ஏ.எஸ்.டி. 1120, பிலிருபின் 6.8, ஐ.என்.ஆர். 1.1.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஏ.எல்.டி. ஆயிரத்தைத் தாண்டினால் ஈரல் கலங்களே நேரடியாகத் தாக்கப்பட்டிருக்கின்றன. வைரஸ், அல்லது மருந்து நஞ்சு என்று வைத்தியர் முதலில் நினைப்பார். எலிக்காய்ச்சலாக இருந்தால் பெரும்பாலும் படம் வேறாக இருக்கும். பிலிருபின் 12, 15 என்று உயர்ந்திருக்கும், ஏ.எல்.டி. நூறு, இருநூறில் நிற்கும், கெண்டைக்கால் வலியும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருக்கும். சாராயத்தால் வந்த ஈரல் அழற்சியில் ஏ.எஸ்.டி. பெரும்பாலும் ஏ.எல்.டி.யைப் போல் இரண்டு மடங்கு இருக்கும், ஆனால் இரண்டும் சில நூறுகளைத் தாண்டுவது அரிது. ஆகவே குடிப்பழக்கம் உள்ளவர் ஒருவருக்குக் கண் மஞ்சளானதும், "குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது" என்று பரிசோதிக்காமலே முடிவுகட்டக் கூடாது.

ஆனாலும் இந்த எண்கள் எந்த வைரஸ் என்று சொல்லாது. ஏ, பி இரண்டிலும் எண்கள் ஒரேமாதிரிதான். பி வைரஸைக் காட்டுவது எச்.பி.எஸ். ஏ.ஜி. என்ற தனிப் பரிசோதனை. அந்த வைரஸின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க் 1960களில் கண்டுபிடித்த பொருள் அது. அதற்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நமது தொழிலாளிக்கு அது பொசிட்டிவ். புதிதாகத் தொற்றியதைக் காட்டும் ஐ.ஜி.எம். பரிசோதனையும் பொசிட்டிவ். ஹெப்படைட்டிஸ் பி என்று உறுதியானது.

இரண்டாம் வாரம் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். ஏ.எல்.டி. 900க்கு இறங்கியிருந்தது, பிலிருபினோ 9.4க்கு ஏறியிருந்தது. வீட்டார் கலங்கினார்கள். கலங்கத் தேவையில்லை. கலம் கிழிவது முதலில் நிற்கும், தேங்கிய மஞ்சள் வடியச் சில நாள் பிந்தும். ஐ.என்.ஆர். 1.1இலேயே இருந்தது, நோயாளி தெளிவாகப் பேசினார், பசி திரும்பத் தொடங்கியது. அதுதான் நல்ல அறிகுறி. ஐந்தாம் வாரம் ஏ.எல்.டி. 140, பிலிருபின் 2.8. பத்தாம் வாரம் இரண்டும் சாதாரண அளவுக்கு வந்தன.

இப்போது தேயிலைச் சாக்குக்குத் திரும்புவோம். தரையில் தூள் கொட்டுவது நின்றுவிட்டால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. சாக்கைத் தைத்திருக்க வேண்டும், அல்லது சாக்கே காலியாகியிருக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் ஏ.எல்.டி. 1640இலிருந்து 200க்கு விழுந்து, பிலிருபின் 18க்கு ஏறி, ஐ.என்.ஆர். 1.5ஐத் தாண்டி, நோயாளியும் மந்தமாக இருந்தால் அது குணமாவதன் அடையாளம் அல்ல. அழிய இனிக் கலங்கள் அதிகம் மிச்சமில்லை என்பதன் அடையாளம். "எண் இறங்கிவிட்டது" என்று சந்தோஷப்பட்டு வீட்டில் வைத்திருந்தால் உயிர் போகும். பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இப்படி ஆகிறது. ஆனால் ஆகும்போது நாட்கணக்கில் ஆகிவிடுகிறது. அதனால்தான் பராமரிப்பவர் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பராமரிப்புக்கு வருவோம். புதிதாக வந்த ஹெப்படைட்டிஸ் பி நோயில் பெரும்பாலானோருக்கு வைரஸைக் கொல்லும் மருந்து கொடுப்பதில்லை. உடம்பு தானே அதை வெல்கிறது. வைத்தியசாலையில் தாதியும் வீட்டில் நாமும் செய்வது அந்தக் காலத்தில் நோயாளியைத் தாங்குவதும், ஆபத்தை முதலில் கண்டுபிடிப்பதும்தான்.

சாப்பாட்டில் நம் லயங்களில் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. பத்தியம் என்று சொல்லி எண்ணெய், முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் இளநீருமே கொடுக்கிறார்கள். ஏற்கெனவே மெலிந்த உடம்பு இன்னும் மெலிகிறது. புண்ணான ஈரல் தன்னைத் திருத்திக்கொள்ளப் புரதம் வேண்டும். குமட்டல் இருக்கும் நாட்களில் எண்ணெய் பிடிக்காவிட்டால் குறைக்கலாம், அவ்வளவுதான். இந்த நோயில் பசி காலையில் நன்றாகவும் மாலையாக ஆகக் குறைவாகவும் இருக்கும். ஆகவே முக்கியமான சாப்பாட்டைக் காலையில் கொடுங்கள். பிறகு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். சாராயம், கள், பியர் ஒரு துளியும் கூடாது. காய்ச்சலுக்கு, உடல்வலிக்கு என்று பரசிட்டமோலைத் தானாக விழுங்கக் கூடாது. அளவு மீறினால் ஈரலைத் தாக்குவது அதே மாத்திரைதான். எந்த மாத்திரையானாலும் வைத்தியரைக் கேட்டுத்தான்.

நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்கத் தேவையில்லை. களைத்தால் படுக்கட்டும், முடிந்தால் நடக்கட்டும். ஆனால் கொழுந்து மலைக்கோ தொழிற்சாலைக்கோ அனுப்பக் கூடாது. உடம்பு அரித்தால் நகத்தைக் குறைத்து வெட்டி, பருத்தித் துணி உடுத்தி, வெந்நீரைத் தவிர்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுங்கள்.

ஒவ்வொரு நாளும் காலையில் செய்ய வேண்டிய ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரு கொப்பியில் அன்றைய திகதியைப் போட்டு, நோயாளியைக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் கோலத்தில் போடுவது போல ஒரு நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். நேற்று ஒழுங்காகப் போட்டவர் இன்று கோணலாகப் போட்டால், ஈரல் வடிகட்டாத கழிவு மூளைக்கு ஏறத் தொடங்கியிருக்கலாம். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, முன்பின் இல்லாமல் பேசுவது, நீட்டிய கைகள் சிறகு போல அடித்துக்கொள்வது எல்லாம் அதே அறிகுறிதான். "களைப்பாக இருக்கிறார், தூங்கட்டும்" என்று விடாமல், தூக்க மாத்திரையும் கொடுக்காமல், அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பல்லீறில் இரத்தம், கறுப்பு மலம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, வயிறு வீங்குதல் என்றாலும் அப்படித்தான்.

அடுத்தது மற்றவர்களுக்குத் தொற்றாமல் பார்ப்பது. இங்கே நோயைவிட அதிகமாக மனிதரைப் புண்படுத்துவது பயம். தனித் தட்டு, தனிப் பாய், பிள்ளைகளைக் கிட்ட வரவிடாமல் வைப்பது எதுவும் வேண்டாம். ஹெப்படைட்டிஸ் பி சோற்றாலோ தண்ணீராலோ மூச்சாலோ பக்கத்தில் உட்காருவதாலோ பரவாது. குணமாகி வருபவரோடு சேர்ந்து வேலை செய்வதாலும் பரவாது.

பரவுவது இரத்தத்தால். காய்ந்த இரத்தத் துளியிலும் இந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே சவர பிளேட், பல் துலக்கும் தூரிகை, நகவெட்டி, காது குத்தும் ஊசி ஆகியவற்றைப் பகிரக் கூடாது. ஒரே பிளேட்டால் லயத்தில் நாலு பேருக்குச் சவரம் செய்யும் பழக்கம் நிற்க வேண்டும். காயத்தை மூடிக் கட்டுங்கள். இரத்தம் சிந்தினால் வெறுங்கையால் தொடாமல், கையுறை அல்லது பொலித்தீன் பை போட்டுத் துடைத்து, ஒரு பங்கு குளோரின் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஊசி போடும் எவரிடமும் புதிய ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. 2009இல் குஜராத் மாநிலத்தின் மொடாசா நகரில் பாவித்த ஊசிகளைத் திரும்பப் பாவித்ததால் இந்த நோய் பரவிப் பலர் இறந்தார்கள்.

வீட்டில் ஒருவருக்குப் பொசிட்டிவ் என்றால் கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும் இரத்தம் சோதிக்க வேண்டும். தொற்றும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்றால் மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. அதுவரை தம்பதிகள் ஆணுறை பாவிக்க வேண்டும். நமது நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு இந்த ஊசி போடப்படவில்லை. இப்போது பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் மற்ற ஊசிகளோடு சேர்த்துப் போடப்படுகிறது. ஆனால் கர்ப்பிணித் தாய்க்கு இந்தத் தொற்று இருந்தால் அந்த இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் பிள்ளைக்குத் தடுப்பூசியும், கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். ஆகவே கர்ப்பிணிகள் இதைக் குடும்பநல மருத்துவமாதுவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி நீங்கள் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் கேள்வி: கீழாநெல்லி. 1988இல் சென்னையில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், உடலில் பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லித் தூளை முப்பது நாள் கொடுத்துப் பார்த்து, 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ். ஏ.ஜி. மறைந்ததாக லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் இந்த மூலிகையை ஆராய்ந்தவர். ஆனால் பிறகு தாய்லாந்திலும் வேறு நாடுகளிலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அப்படியானால் லயத்தில் கீழாநெல்லி குடித்தவர்களுக்கு எப்படிக் குணமானது? பெரியவர்களுக்குப் புதிதாக ஹெப்படைட்டிஸ் பி வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அது தானாகவே குணமாகிறது. கீழாநெல்லி குடித்தாலும் குணமாகும், குடிக்காவிட்டாலும் குணமாகும். பிரச்சினை அந்த மீதி ஐந்து பேரில்தான். அவர்களுக்கும் கண் தெளிந்துவிடும், ஏ.எல்.டி. கூடச் சாதாரணமாகலாம். வைரஸ் மட்டும் ஈரலில் தங்கிவிடும். பிறந்தவுடன் தொற்றிய குழந்தைகளில் இப்படித் தங்கிவிடுவது நூற்றுக்குத் தொண்ணூறு.

ஆகவே நமது 36 வயதுத் தொழிலாளியின் கதை பத்தாம் வாரத்தில் முடியவில்லை. ஆறாம் மாதத்தில் எச்.பி.எஸ். ஏ.ஜி. பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். அது நெகட்டிவ் ஆகி, எதிர்ப்புப் புரதம் தோன்றியிருந்தால் அவர் வென்றுவிட்டார், அந்த வைரஸ் திரும்ப அவரைத் தாக்காது. இன்னும் பொசிட்டிவ் என்றால் நோய் நாட்பட்டதாகிவிட்டது. ஆண்டுகள் போகும்போது ஈரல் சுருங்குவதும் புற்றுநோயும் வரலாம். அதற்காக மனம் தளரத் தேவையில்லை. வைரஸை அடக்கி வைக்கும் டெனோபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. யாருக்கு எப்போது தேவை என்று கிளினிக்கில் முடிவு செய்வார்கள். ஆனால் கிளினிக்குக்கு விடாமல் போக வேண்டும். மாத்திரை தொடங்கியவர் சொல்லாமல் நிறுத்தினால் நோய் திடீரெனப் பொங்கும்.

கண் தெளிந்ததும் செக்ரோலில் பேர் விழ வேண்டுமே என்று வேலைக்கு ஓடுகிறோம். அந்த நெருக்கடி எங்களுக்குத் தெரியும், அதே லயங்களில்தான் நாங்களும் இருக்கிறோம். ஒரு நாள் பேர் போனால் அந்த மாதக் கணக்கே இடிக்கும். அதனால்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறோம்: ஆறாம் மாதத்தில் ஒரு நாள் வேண்டும், ஒரே ஒரு நாள். முதல் ரிப்போர்ட் கிடைத்த அன்றே வீட்டுக் கலண்டரில் ஆறு மாதம் எண்ணி அந்தத் திகதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். எல்லா ரிப்போர்ட்டுகளையும் திகதி வரிசையில் ஒரே உறையில் வையுங்கள், லேமினேட் செய்ய வேண்டாம், வைத்தியர் அதில் எழுத வேண்டியிருக்கும். அந்த நாளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்றால் உங்கள் தோட்டத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதைக் கேட்டு வாங்கித் தருவது சங்கத்தின் வேலை.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். ரிப்போர்ட் கொண்டுவந்தவர்கள் முன்னால் வரலாம்.